கூட்டிப் பார்த்தால் தெரியும்

2019 ஏப்ரலில் தெலங்கானாவில் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வந்தன. ஒரு மாணவிக்குத் தெலுங்குப் பாடத்தில் பூஜ்யம் என்று இருந்தது. விடைத்தாளை எடுத்து மறுபடி பார்த்தார்கள். அவர் வாங்கியிருந்தது 99. விடைத்தாளைத் திருத்தியதில் குறை இல்லை. அந்த மதிப்பெண்ணை வட்டங்களை நிரப்பும் தாளுக்கு மாற்றியபோது 9க்கு பதிலாக 0 நிரப்பப்பட்டுவிட்டது. தேர்வு எழுதிய சிலரை வராதவர்கள் என்று காட்டிய பிழையும் அந்த முடிவுகளில் இருந்தது.

மதிப்பெண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயரும்போதுதான் இப்படிப்பட்ட பிழைகள் நுழைகின்றன. பொதுத்தேர்வில் அது செய்தியாகிறது, விசாரணை நடக்கிறது. ஆனால் காலாண்டு, அரையாண்டு என்று ஒவ்வொரு வகுப்பிலும் இதே பெயர்ப்பு வேலை ஆண்டு முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கிறது. விடைத்தாளிலிருந்து மார்க் ரிஜிஸ்டருக்கு, ரிஜிஸ்டரிலிருந்து முன்னேற்ற அறிக்கைக்கு, அங்கிருந்து கணினிக்கு என்று ஒரு மாணவரின் ஒரே எண்ணை மூன்று தடவை எழுத வேண்டியிருக்கிறது. இப்போது இந்த வேலையில் புதிதாக ஒரு குறுக்குவழி வந்திருக்கிறது. ரிஜிஸ்டர் பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, கையெழுத்தைப் படிக்கும் மென்பொருளிடமோ படங்களைப் படிக்கத் தெரிந்த ஏஐ செயலியிடமோ கொடுத்தால், வரிசை வரிசையாக அட்டவணை வந்துவிடுகிறது. மொத்தமும் ரேங்க்கும்கூட கூடவே வந்துவிடுகின்றன.

வந்த அட்டவணை பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். அச்சடித்தது மாதிரி நேர்க்கோட்டில் நிற்கும் எண்களைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது. சந்தேகப்பட வேண்டிய இடம் எது, சந்தேகத்தைத் தீர்ப்பது எப்படி என்பதுதான் இந்த வேலையின் உயிர்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு வகுப்பில் 40 பேர், ஐந்து பாடங்கள் என்றால் 200 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இலக்கம் என்று வைத்தால் படிக்க வேண்டியது 400 இலக்கங்கள். கையால் எழுதிய இலக்கங்களைக் கணினிக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பது பழைய முயற்சி. அதற்கென்று 1990களில் தொகுத்த எம்னிஸ்ட் என்ற எழுத்துத் தொகுப்பில் 60,000 இலக்கப் படங்கள் பயிற்சிக்கும் 10,000 படங்கள் சோதனைக்கும் இருக்கின்றன. அவற்றில் ஒரு பாதி அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்கள் எழுதியவை, மறுபாதி உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதியவை. யான் லெகுன் குழுவினர் 1998இல் வெளியிட்ட முறை அந்தச் சோதனையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிழையோடு தேறியது. இன்றைய முறைகள் அதைவிடப் பல படி மேலே போய்விட்டன.

நூற்றுக்கு ஒரு பிழை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 400 இலக்கங்களில் அது சராசரியாக நான்கு பிழை. அந்த வேகத்தில் நூறு பக்கங்களைப் படித்தால் இரண்டு பக்கங்கள்கூட முழுக்கச் சரியாக வராது. ஆயிரத்துக்கு ஒரு பிழை என்று தரம் உயர்ந்தாலும் மூன்று பக்கத்தில் ஒன்று ஏதோ ஒரு பிழையைச் சுமந்துகொண்டுதான் வரும். அந்தச் சோதனைப் படங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டி எடுத்து, நடுவில் பொருத்தி வைத்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளி ரிஜிஸ்டரில் அப்படி இருக்காது. கட்டத்தின் கோடு இலக்கத்தின் மேல் ஓடும். தேர்ச்சி பெறாத மதிப்பெண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருக்கும். அடித்துத் திருத்தியது இருக்கும். பின்பக்க மை ஊறித் தெரியும்.

ஆகவே, எவ்வளவு நல்ல மென்பொருளாக இருந்தாலும் பிழை வரும் என்று வைத்துக்கொண்டே தொடங்குவது நல்லது. நல்லவேளையாக, பிழையைக் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு ரிஜிஸ்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு மாணவர் வரியின் கடைசியிலும் ஆசிரியர் தன் கையால் கூட்டி எழுதிய மொத்தம் இருக்கிறது. பக்கத்தின் அடியில் பாடவாரியாக எழுதியவர்கள் எத்தனை பேர், தேர்ச்சி எத்தனை பேர், சராசரி என்ன என்று இருக்கிறது. இவை யாரும் இயந்திரத்துக்காக எழுதி வைத்தவை அல்ல. ஆனாலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று இரண்டு சாட்சிகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் கிடைத்துவிடுகின்றன.

பலர் இங்கேதான் தவறிவிடுகிறார்கள். “மதிப்பெண்களைப் படித்து மொத்தம் போட்டுக் கொடு” என்று கேட்கிறார்கள். இயந்திரம் தான் படித்ததைத் தானே கூட்டிக் கொடுக்கிறது. ரிஜிஸ்டரில் ஆசிரியர் எழுதிய மொத்தம் அட்டவணைக்கே வருவதில்லை. தவறாகப் படித்த எண்ணும் அதற்கேற்ற மொத்தமும் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்தி நிற்கும். சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு வழக்கை விசாரித்தது போலத்தான் அது.

ஒரு சின்ன பக்கத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்க்கலாம். இது விளக்கத்துக்காக அமைத்த பக்கம். பத்தாம் வகுப்பு, காலாண்டுத் தேர்வு, எட்டு மாணவர்கள், ஒவ்வொரு பாடத்துக்கும் 100 மதிப்பெண். பெயர்களுக்கு பதில் வரிசை எண் மட்டும். படத்திலிருந்து இயந்திரம் படித்துக் கொடுத்தது கீழே இருக்கிறது. ‘எழுதியது’ என்பது ரிஜிஸ்டரில் ஆசிரியர் எழுதியிருந்த மொத்தம். ‘கூட்டியது’ என்பது படித்த ஐந்து எண்களையும் புதிதாகக் கூட்டியது.

| எண் | தமிழ் | ஆங்கிலம் | கணிதம் | அறிவியல் | சமூக அறிவியல் | எழுதியது | கூட்டியது | வேறுபாடு |
|---|---|---|---|---|---|---|---|---|
| 1 | 78 | 65 | 54 | 71 | 82 | 340 | 350 | 10 |
| 2 | 91 | 84 | 97 | 88 | 93 | 453 | 453 | 0 |
| 3 | 56 | 41 | 35 | 48 | 60 | 240 | 240 | 0 |
| 4 | 85 | 72 | 67 | 79 | 83 | 386 | 386 | 0 |
| 5 | 62 | 47 | 28 | 51 | 55 | 243 | 243 | 0 |
| 6 | 88 | 79 | 77 | 74 | 74 | 386 | 392 | 6 |
| 7 | 70 | 48 | 44 | 58 | 66 | 238 | 286 | 48 |
| 8 | 74 | 58 | 63 | 69 | 77 | 341 | 341 | 0 |

ஐந்து வரிகள் பொருந்துகின்றன. மூன்று பொருந்தவில்லை. இந்த மூன்றும் மூன்று வகை. வேறுபாட்டின் அளவே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது.

ஆறாம் எண்ணில் வேறுபாடு 6. கையெழுத்தில் 1க்கு மேலே சின்னக் கொக்கி போட்டு எழுதுபவர்கள் உண்டு. அது 7 என்று படிக்கப்படும். 7க்கும் 1க்கும் வித்தியாசம் 6. அந்த வரியில் ஒன்றாம் இடத்தில் 7 இருக்கும் கட்டம் கணிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. எனவே ஐந்து கட்டத்தையும் துழாவ வேண்டியதில்லை, நேரே கணிதக் கட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும். அங்கே 71 இருக்கிறது. நெடுக்குச் சாட்சியும் இதையே சொல்கிறது. ரிஜிஸ்டரின் அடியில் கணிதத்துக்கு ஆசிரியர் எழுதிய சராசரி 57.4. இயந்திரம் படித்தபடி கூட்டி எட்டால் வகுத்தால் 58.1 வருகிறது. 77ஐ 71 ஆக்கினால் மொத்தம் 459, சராசரி 57.4.

இப்படிக் குழம்பும் இணைகள் கைவிட்டு எண்ணக்கூடியவைதான். 1க்கும் 7க்கும் 6. 0க்கும் 6க்கும் 6. 3க்கும் 8க்கும் 5. மேலே மூடாமல் எழுதிய 9க்கும் 4க்கும் 5. பத்தாம் இடத்தில் குழம்பியிருந்தால் அதுவே 60, 50 என்று வரும். வேறுபாடு 9இன் மடங்காக வந்தால் 63ஐ 36 என்று இடம் மாற்றி எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது பெரும்பாலும் மனிதக் கை செய்யும் பிழை, ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டச்சு செய்யும்போது வருவது.

ஏழாம் எண்ணில் வேறுபாடு 48. அந்த வரியிலேயே ஆங்கிலத்தில் 48 என்று ஒரு கட்டம் இருக்கிறது. வேறுபாடு ஒரு கட்டத்தின் முழு எண்ணுக்குச் சமமாக வந்தால், ஆசிரியர் அந்தக் கட்டத்தைக் கூட்டவே இல்லை என்று அர்த்தம். ஏன் கூட்டவில்லை? படத்தைப் பார்த்தால் தெரிகிறது. அங்கே இருப்பது எண்ணே அல்ல. `AB` என்று எழுதியிருக்கிறது. மாணவர் அன்று ஆப்சென்ட். வேகமாக எழுதிய A திறந்த 4 மாதிரியும் B அப்படியே 8 மாதிரியும் தெரிந்திருக்கின்றன. கட்டத்துக்குள் எண்தான் இருக்கும் என்று எதிர்பார்த்த இயந்திரம் எண்ணாகவே படித்துவிட்டது. பக்கத்தின் அடியில் ஆங்கிலத்துக்கு ‘எழுதியோர் 7’ என்று ஆசிரியர் போட்டிருக்கிறார். இயந்திரம் எட்டு எண்களைக் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் பார்த்திருந்தாலே பிழை பிடிபட்டிருக்கும்.

இந்தப் பிழைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 70 என்பதில் பூஜ்யத்தை ஆங்கில எழுத்து ஓ என்று படித்துவிட்டால் விரிதாள் அதை எண்ணாகவே ஏற்காது, கூட்டலில் சத்தமில்லாமல் விட்டுவிடும். அப்போது மொத்தம் 70 குறையும். கண்ணுக்குக் கட்டத்தில் 70 சரியாகவே தெரியும். கட்டத்துக்குள் எண் வலப்பக்கம் ஒட்டாமல் இடப்பக்கம் ஒட்டி நின்றால் அது எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது என்று பிடித்துவிடலாம்.

முதல் எண் வேறு கதை. வேறுபாடு 10. ஐந்து கட்டங்களையும் பெரிதாக்கிப் பார்த்தாலும் படித்தது சரியாகவே இருக்கிறது. ஐந்து பாடச் சராசரிகளும், கணிதத்தையும் ஆங்கிலத்தையும் திருத்திய பிறகு, ஆசிரியர் எழுதியவற்றோடு ஒத்துப்போகின்றன. கட்டங்கள் சரி என்று நெடுக்குச் சாட்சி சொல்லும்போது தவறு மொத்தத்தில்தான் இருக்க வேண்டும். ஒன்றாம் இடங்களைக் கூட்டினால் 8, 5, 4, 1, 2 சேர்ந்து 20. மிச்சம் 2ஐப் பத்தாம் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆசிரியர் 1ஐக் கொண்டுபோயிருக்கிறார். 350 என்று வர வேண்டியது 340 ஆகிவிட்டது. நாற்பது வரிகளை ஒரே மூச்சில் மனக்கணக்காகக் கூட்டுகிற யாருக்கும் நேரக்கூடியது இது.

எனவே வேறுபாடு வந்தவுடன் இயந்திரத்தின் மேல் பழி போட்டு ஆசிரியர் எழுதிய மொத்தத்தை எடுத்துக்கொள்வதும் தவறு, புதிதாகக் கூட்டியதே சரி என்று நம்புவதும் தவறு. ஆறிலும் ஏழிலும் ஆசிரியர் சரி. ஒன்றில் கூட்டல் சரி. படத்தைத் திறந்து பார்க்காமல் இதைத் தீர்மானிக்க முடியாது. ஆனால் எட்டு வரியில் மூன்று வரியை மட்டும் பார்த்தால் போதும் என்கிற அளவுக்கு வேலை சுருங்கிவிட்டது. நாற்பது பேர் பக்கத்திலும் பொதுவாகக் கைக்கு அடங்கும் வரிகளே மிஞ்சும்.

கூட்டலை எதில் செய்வது என்பதும் முக்கியம். படத்தைப் படித்த செயலியிடமே கூட்டச் சொல்வதைவிட, எண்களை விரிதாளில் ஒட்டிச் சூத்திரம் போடுவது நல்லது. மொழி மாதிரிகள் மொத்தத்தையும் ஒரு சொல்லைப் போல ஊகித்து எழுதக்கூடியவை, விரிதாள் உண்மையாகவே கூட்டுகிறது. எண் A நெடுவரிசையில், பாடங்கள் B முதல் F வரை, ரிஜிஸ்டரில் எழுதிய மொத்தம் Gயில் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டாம் வரியில் H, I, J, K கட்டங்களுக்கு முறையே இவை போதும்:

```
=SUM(B2:F2)
=H2-G2
=IF(COUNTIF(B2:F2,">=35")=5,1,0)
=IF(J2=1,COUNTIFS(J$2:J$9,1,H$2:H$9,">"&H2)+1,"-")
```

முதலாவது கூட்டுகிறது. இரண்டாவது வேறுபாட்டைக் காட்டுகிறது. மூன்றாவது ஐந்து பாடத்திலும் 35க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறது. `AB` எண் இல்லை என்பதால் அது தானாகவே தேர்ச்சியில் சேராது. நான்காவது ரேங்க். நாற்பது பேர் இருந்தால் 9 என்று இருக்கும் இடங்களில் 41 என்று மாற்ற வேண்டும். I நெடுவரிசை முழுக்க பூஜ்யம் ஆகும்வரை K நெடுவரிசையைப் பார்க்கவே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்வது நல்லது. திருத்தம் முடியும்முன் பார்த்த ரேங்க் மனதில் தங்கிவிடும், வாய் தவறி வகுப்பில் சொல்லியும்விடுவோம்.

நான்காவது சூத்திரத்துக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. இரண்டும் கணக்கு சார்ந்தவை அல்ல, பள்ளியின் வழக்கம் சார்ந்தவை. இயந்திரத்துக்கு அந்த வழக்கம் தெரியாது.

முதலாவது, தேறாதவருக்கு ரேங்க் உண்டா என்பது. தமிழகப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் வழக்கப்படி, ஒரு பாடத்தில் தவறினாலும் ரேங்க் கிடையாது. நம் பக்கத்தில் ஐந்தாம் எண் 243 வாங்கியிருக்கிறார், மூன்றாம் எண் 240. மொத்தத்தில் ஐந்தாமவர் மேலே. ஆனால் கணிதத்தில் 28 என்பதால் அவருக்கு ரேங்க் இல்லை, மூன்றாமவருக்கு உண்டு. சும்மா மொத்தத்தை இறங்குவரிசையில் அடுக்கச் சொன்னால் இது தலைகீழாக வரும்.

இரண்டாவது, சமமான மொத்தம். நான்காம் எண்ணும் ஆறாம் எண்ணும் 386. இருவருக்கும் இரண்டாம் ரேங்க். அடுத்தவருக்கு மூன்றா, நான்கா? அவருக்கு மேலே மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதால் நான்கு என்று போடும் பள்ளிகள் உண்டு, இடம் விடாமல் மூன்று போடும் பள்ளிகளும் உண்டு. மேலே உள்ள சூத்திரம் நான்கு போடும். எது சரி என்று வாதிடத் தேவையில்லை. போன தேர்வில் எப்படிப் போட்டார்களோ அப்படியே இந்தத் தேர்விலும் போட்டால்தான் ஒரு குழந்தை ஏறியதா இறங்கியதா என்று பெற்றோர் ஒப்பிட முடியும். திருத்தம் முடிந்த பிறகு நம் பக்கம் இப்படி நிற்கிறது:

| எண் | மொத்தம் | நிலை | ரேங்க் |
|---|---|---|---|
| 1 | 350 | தேர்ச்சி | 4 |
| 2 | 453 | தேர்ச்சி | 1 |
| 3 | 240 | தேர்ச்சி | 6 |
| 4 | 386 | தேர்ச்சி | 2 |
| 5 | 243 | கணிதத்தில் தவறினார் | - |
| 6 | 386 | தேர்ச்சி | 2 |
| 7 | 238 | ஆங்கிலம் எழுதவில்லை | - |
| 8 | 341 | தேர்ச்சி | 5 |

திருத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இயந்திரம் படித்ததை அப்படியே நம்பியிருந்தால் நான்காம் எண் தன் சமபங்கு இரண்டாம் ரேங்க்கை இழந்து மூன்றுக்கு இறங்கியிருப்பார். ஆங்கிலத் தேர்வுக்கே வராத ஏழாம் எண் 286 மதிப்பெண்ணோடு ஆறாம் ரேங்க் வாங்கியிருப்பார். மூன்றாம் எண் ஏழுக்குத் தள்ளப்பட்டிருப்பார். மாறாக, ஆசிரியர் எழுதிய மொத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் 350 வாங்கிய முதல் எண் 340 ஆகி, 341 வாங்கிய எட்டாம் எண்ணுக்குக் கீழே போயிருப்பார். மூன்று கட்டங்களில் நடந்த பிழை, அந்தக் கட்டங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மாணவர்களையும் நகர்த்துகிறது. ரேங்க்கின் குணமே அதுதான். மதிப்பெண்ணில் ஏற்பட்ட பிழை ஒருவரோடு நிற்கும், ரேங்க்கில் அது வரிசை முழுக்கப் பரவும். தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவிலான ரேங்க் அறிவிப்பை 2017இல் நிறுத்திவிட்டார்கள். வகுப்பறைக்குள் பல பள்ளிகளில் அது இன்னும் இருக்கிறது. இருக்கும்வரை சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு குழந்தை எதிர்பார்ப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

கூட்டலால் பிடிபடாத பிழைகளும் உண்டு. அவற்றில் மோசமானது வரி நழுவுவது. பல ரிஜிஸ்டர்களில் பெயர் இடப்பக்கத் தாளில் இருக்கும், மதிப்பெண்கள் வலப்பக்கத் தாள்வரை நீளும். நடுவில் தையல் மடிப்பு. படம் எடுக்கும்போது மடிப்பில் தாள் வளைந்து, இடப்பக்கத்து 17ஆம் வரி வலப்பக்கத்து 18ஆம் வரிக்கு நேராகத் தெரியும். அல்லது டிசி வாங்கிக்கொண்டு போன ஒரு மாணவரின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும், இயந்திரம் அந்தப் பெயரை விட்டுவிட்டு வெற்று மதிப்பெண் வரியை மட்டும் வைத்துக்கொள்ளும். இதில் மதிப்பெண்ணும் மொத்தமும் ஒன்றாகவே நகர்வதால் வேறுபாடு பூஜ்யம்தான் காட்டும். பாடச் சராசரியும் மாறாது. எல்லாம் பொருந்தும், ஆனால் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவர் பெயரில் இருக்கும்.

இதற்குக் கூட்டல் உதவாது, விரல்தான் உதவும். முதல் மாணவர், அடிக்கப்பட்ட பெயருக்கு அடுத்தவர், கடைசி மாணவர் ஆகிய மூவரின் தமிழ் மதிப்பெண்ணையும் ரிஜிஸ்டரில் விரல் வைத்துப் பார்த்தால் நழுவியிருப்பது அநேகமாகத் தெரிந்துவிடும். வலப்பக்கத் தாளின் ஓரத்திலும் வரிசை எண்ணை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. ஒரே வரியில் ஆங்கிலமும் கணிதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டாலும் வரி மொத்தம் மாறாது. அதைப் பாடச் சராசரி பிடித்துவிடும். ஆனால் சராசரியை முழு எண்ணாக எழுதும் ஆசிரியராக இருந்தால் அது பிடிபடாமல் தப்பக்கூடும். நாற்பது பேரில் ஒருவருக்கு ஆறு மதிப்பெண் மாறினால் சராசரி நகர்வது 0.15 மட்டுமே. தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கம் எழுதும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

தலைப்பு வரியையும் படத்தில் விட்டுவிடக் கூடாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75க்கும் செய்முறை 25க்கும் நடக்கிறது. பொதுத்தேர்வு விதிப்படி எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று தனித்தனியாகத் தேற வேண்டும். பள்ளி அளவிலான தேர்வில் அறிவியல் 75க்கு மட்டும் பதிவாகியிருந்தால் 35 என்ற பொது எல்லை அந்த ஒரு நெடுவரிசைக்குப் பொருந்தாது. மூன்றாம் சூத்திரம் பலரைத் தவறாகத் தோல்வியில் தள்ளும். பாடப் பெயருக்குக் கீழே உயர்ந்தபட்ச மதிப்பெண் என்னவென்று எழுதியிருப்பதைப் படித்த பிறகே சூத்திரத்தைப் போட வேண்டும்.

ஏஐ செயலிகளில் இன்னொரு ஆபத்து இருக்கிறது, இது புதியது. பழைய மென்பொருள் ஓர் இலக்கத்தைப் படிக்க முடியாவிட்டால் வெற்றிடமோ குப்பை எழுத்தோ கொடுக்கும். அது அசிங்கமாக இருக்கும், ஆனால் நேர்மையானது. படத்தைப் படிக்கும் மொழி மாதிரிகள் முழுப் பக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, மங்கலான இடத்தில் பொருத்தமான ஓர் எண்ணை வைத்துவிடக்கூடியவை. மொத்தம் 386 என்று கண்ணுக்கு எதிரே இருந்தால், தெளிவில்லாத கட்டத்தில் 386 வருவதற்கு எது வேண்டுமோ அதை எழுத வாய்ப்பு உண்டு. அப்போது சாட்சி தன் சுதந்திரத்தை இழந்துவிடுகிறது. வேறுபாடு பூஜ்யம் என்று வந்தாலும் அது எதையும் நிரூபிப்பதில்லை.

இதற்கு ஒரு எளிய தடுப்பு உண்டு. மொத்தம் இருக்கும் நெடுவரிசையையும் அடியில் இருக்கும் சராசரி வரியையும் வெள்ளைத் தாளால் மறைத்து ஒரு படம். பிறகு மதிப்பெண்களை மறைத்து, வரிசை எண்ணும் மொத்தமும் மட்டும் தெரியும்படி இன்னொரு படம். இரண்டையும் தனித்தனி உரையாடலில் படிக்கக் கொடுத்து, விரிதாளில் மட்டும் சந்திக்க வைக்க வேண்டும். கூடவே, படிக்க முடியாத கட்டத்தில் ஊகிக்காமல் கேள்விக்குறி போடச் சொல்ல வேண்டும். அடித்து எழுதியது எவை என்று தனியாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். பழைய, மை மங்கிய பக்கம் ஒன்றில் ஒரு கேள்விக்குறிகூட வராமல் எல்லாம் பொருந்திவிட்டால், அந்தப் பக்கத்தைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.

பெயர் நெடுவரிசையையும் அதே தாளால் மறைத்துவிடுவது மேல். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குழந்தைகளாகவே கருதுகிறது. ஒரு வகுப்பின் பெயர்ப் பட்டியலும் மதிப்பெண்களும் யாரோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போக வேண்டிய அவசியமே இந்த வேலையில் இல்லை. கையெழுத்துத் தமிழ்ப் பெயர்களை இந்த மென்பொருள்கள் எண்களை விடத் தடுமாறித்தான் படிக்கின்றன என்பதால் இழப்பும் எதுவும் இல்லை. வரிசை எண் இருந்தால் போதும், பெயர்ப் பட்டியல் பள்ளியின் கணினியில் ஏற்கெனவே இருக்கும்.

படம் எடுப்பதில் நேரத்தைச் செலவிட்டால் திருத்துவதில் மிச்சமாகும். ரிஜிஸ்டரை ஜன்னலோரம் மேசையில் வைத்து, மடிப்பை அழுத்தித் தட்டையாக்கி, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பக்கம். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழுந்து இலக்கத்தைத் தின்றுவிடும். கைப்பேசியின் நிழல் தாளில் விழக் கூடாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், கொக்கி உள்ள 1க்கும் 7க்கும் இருக்கும் சின்ன வித்தியாசம் அதில் கரைந்துவிடும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளை முறை வேண்டாம். சிவப்பு வட்டமும் நீல இலக்கமும் ஒரே கறுப்பாகி, 28ஐச் சுற்றிய வட்டம் இலக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்த பிறகும் ரிஜிஸ்டரில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முதல் எண்ணுக்கு நேரே இன்னும் 340 என்றுதான் இருக்கிறது. விரிதாளில் 350 என்று மாற்றிவிட்டு ரிஜிஸ்டரை விட்டுவிட்டால், அரையாண்டில் முன்னேற்ற அறிக்கை எழுதும்போது யாராவது பழைய பக்கத்தைப் புரட்டி 340ஐ எடுத்து எழுதுவார்கள். அந்த எண்ணின் மேல் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 350 என்று தெளிவாக எழுதி, வகுப்பாசிரியர் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். 4இன் மேலேயே 5ஐ அழுத்தி எழுதினால் அடுத்த முறை படிக்கும் கண்ணுக்கும் இயந்திரத்துக்கும் அது 9 என்று தெரியும்.